கிளிநொச்சியில் இருந்து ஒன்லைன் கடை நடத்துபவரின் தளத்தில் தனியுரிமைக் கொள்கை, குக்கி அறிவிப்பு, தொடர்பு விபரம்: எதைப் போட வேண்டும், எதைப் போடத் தேவையில்லை?

கேள்வி: "கிளிநொச்சியில இருந்து சின்னதா ஒரு ஒன்லைன் கடை நடத்துறன். பனங்கட்டி, ஒடியல் மா, தேன், மிளகாய்த்தூள் விக்கிறன். வேர்ட்பிரஸ், வூகொமர்ஸ்தான். ஓடர் போடுற ஆக்களில அரைவாசிக்கு மேல வெளிநாடு, இங்க இருக்கிற தாய் தேப்பனுக்கு அனுப்பச் சொல்லுவினம். பிரைவசி பொலிசி, குக்கி நோட்டிஸ் எல்லாம் கட்டாயம் வேணுமோ? வேற கடையின்ர தளத்தில இருந்து கொப்பி பண்ணிப் போட்டால் காணாதோ? வீட்டில இருந்துதான் செய்யிறன், வீட்டு விலாசமும் போட வேணுமோ?"

கொப்பி பண்ணுவதைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதிகம் பிழைக்கிற இடம் அதுதான். இன்னொரு கடையின் கொள்கையில் அந்தக் கடை செய்கிற வேலைகள்தான் எழுதியிருக்கும். அவர்கள் பேஸ்புக் விளம்பரக் கண்காணிப்பு வைத்திருப்பார்கள், வங்கிக் காட் மூலம் காசு எடுப்பார்கள், அமெரிக்க மாநிலம் ஒன்றின் சட்டத்தைச் சொல்லியிருப்பார்கள். அதை அப்படியே போட்டால் நீங்கள் செய்யாததைச் செய்வதாகவும், செய்வதைச் சொல்லாமலும் ஒரு பக்கம் நிற்கும். கொள்கை இல்லாத தளத்தில் ஒரு குறை இருக்கிறது. பொய்யான கொள்கை உள்ள தளத்திலோ, வாங்குகிறவருக்கு எழுத்தில் கொடுத்த பொய் இருக்கிறது. உங்களுடைய கடைக்கு நேர்மையாக எழுதினால் ஒன்றரைப் பக்கத்துக்கு மேல் வராது.

எழுத முன்னர் ஒரு வேலை செய்யுங்கள். ஒரேயொரு ஓடரை எடுத்து, அதிலுள்ள பெயரும் இலக்கமும் எங்கெங்கே போய்த் தங்குகின்றன என்று பின்தொடர்ந்து பாருங்கள். உங்கள் கடை எந்த வகை என்பது தெரிவதால் நானே ஒன்றைப் பின்தொடர்ந்து காட்டுகிறேன். பாரிஸில் இருக்கிற மகள், முரசுமோட்டையில் இருக்கிற தாய்க்கு இரண்டு போத்தல் தேன் ஓடர் பண்ணுகிறார் என்று வைத்துக்கொள்வோம். வூகொமர்ஸ் தரவுத்தளத்தில் மகளின் பெயர், மின்னஞ்சல், தொலைபேசி, விலாசம் பதிகின்றன. தாயின் பெயர், விலாசம், தொலைபேசியும் அங்கேயே பதிகின்றன. கூடவே, ஓடர் போட்ட கருவியின் ஐபி முகவரியையும் உலாவியின் விபரத்தையும் வூகொமர்ஸ் தானாகவே எழுதி வைக்கும். பலருக்கு இது தெரியாது. பிறகு "புதிய ஓடர்" என்ற மின்னஞ்சல் உங்கள் ஜிமெயிலுக்கு வரும். அதே விபரத்தின் இரண்டாவது பிரதி அது. மகள் இங்கே உள்ள வங்கிக் கணக்குக்குக் காசு போட்டுவிட்டு சிலிப்பைப் படம் எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்புவார். அந்தப் படம் உங்கள் போன் கலரியில் இறங்கும், கூகுள் போட்டோஸ் திறந்திருந்தால் அங்கேயும் ஏறும். கூரியர் சிட்டையில் தாயின் பெயரும் இலக்கமும் பார்சலின் மேலேயே ஒட்டப்படும். கடைசியாக, நீங்கள் கணக்குக் கொப்பியில் ஒரு வரி எழுதுவீர்கள்.

ஆக ஏழு இடங்கள். கொள்கையில் எழுத வேண்டியதும் இந்த ஏழு இடங்களைப் பற்றித்தான். தாய் உங்களிடம் எதையும் தரவில்லை, அவருடைய இலக்கத்தைத் தந்தது மகள் என்பதையும் கவனியுங்கள். அதனால் தாயின் விபரத்தைப் பார்சல் கொடுப்பதற்கு மட்டும் பாவியுங்கள். "தைப்பொங்கல் விலைக்கழிவு" என்று அவருக்குச் செய்தி அனுப்புவது சரியில்லை. வாடிக்கையாளரை எல்லாம் ஒரு வட்ஸ்அப் குழுவில் சேர்ப்பது இன்னும் மோசம், ஏனெனில் குழுவில் உள்ள எல்லோருக்கும் எல்லோருடைய இலக்கமும் தெரியும். விருப்பம் கேட்டுச் சொன்னவர்களுக்கு மட்டும் புரோட்காஸ்ட் பட்டியல் பாவித்தால் ஒருவரின் இலக்கம் மற்றவருக்குத் தெரியாது.

இப்படிப் பார்க்கும்போது தேவையில்லாமல் கேட்கிற விபரங்களும் கண்ணில் படும். சில தளங்கள் ஓடர் படிவத்தில் தேசிய அடையாள அட்டை இலக்கத்தைக் கேட்கின்றன. பழைய இலக்கத்தில் முதல் இரண்டு எண்கள் பிறந்த ஆண்டு, அடுத்த மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண் என்றால் அந்த நாளோடு 500 கூட்டப்பட்டிருக்கும். புதிய 12 இலக்க எண்ணிலும் அதே முறைதான், ஆண்டு மட்டும் முழுதாக நான்கு எண்ணில் இருக்கும். அதாவது அடையாள அட்டை இலக்கத்தை வாங்கினால் பிறந்த திகதியையும் பாலையும் சேர்த்தே வாங்கிவிட்டீர்கள். தேன் விற்க அது எதற்கு? படிவத்தில் இருந்தால் எடுத்துவிடுங்கள். வாங்காத விபரத்துக்குக் கொள்கையும் எழுதத் தேவையில்லை, களவு போகும் என்ற பயமும் இல்லை. சிலிப் படத்தையும் காசு வந்ததை உறுதிப்படுத்திய பின் வட்ஸ்அப், கலரி, கூகுள் போட்டோஸ் மூன்றிலும் அழித்துவிடுவது நல்லது. அதில் அனுப்பியவரின் பெயரும், பல வேளைகளில் அவருடைய கணக்கு இலக்கமும் இருக்கும்.

இனிக் கொள்கை. யார் நீங்கள், என்ன விபரம் வாங்குகிறீர்கள், எதற்கு, யாரிடம் கொடுக்கிறீர்கள், எவ்வளவு காலம் வைத்திருப்பீர்கள், அழிக்கவோ திருத்தவோ யாரிடம் கேட்பது. இந்த ஆறுக்கும் பதில் இருந்தால் ஐரோப்பியச் சட்டம் கேட்பதில் பெரும்பகுதி அடங்கிவிடும். சட்ட மொழி தேவையில்லை. உதாரணமாக இப்படி எழுதலாம்: "ஓடர் போடுபவரின் பெயர், மின்னஞ்சல், தொலைபேசி, விலாசத்தையும், பார்சலைப் பெறுபவரின் பெயர், தொலைபேசி, விலாசத்தையும் வாங்குகிறோம். ஓடரை அனுப்புவதற்கும், பார்சல் தவறினால் கதைப்பதற்கும் மட்டும் பாவிப்போம். பெறுபவரின் விபரத்தைக் கூரியர் நிறுவனத்துக்குக் கொடுக்கிறோம், வேறு ஒருவருக்கும் விற்கவோ கொடுக்கவோ மாட்டோம். எங்கள் தளம் வெளிநாட்டில் உள்ள சேர்வர் ஒன்றில் இருக்கிறது. வங்கிச் சிலிப் படத்தைக் காசு உறுதியானதும் அழித்துவிடுவோம். ஓடர் விபரங்களைப் பன்னிரண்டு மாதங்களின் பின் தளத்தில் இருந்து நீக்குவோம். உங்கள் விபரத்தைப் பார்க்க, திருத்த, அழிக்க விரும்பினால் இந்த மின்னஞ்சலுக்கு எழுதுங்கள், ஒரு மாதத்துக்குள் பதில் தருவோம்." பன்னிரண்டு மாதம் என்பது நான் போட்ட கணக்கு. உங்களுக்கு எது சரிவருமோ அதைப் போடுங்கள், ஆனால் போட்டதைச் செய்யுங்கள். ஒரு மாதம் என்பது ஐரோப்பியச் சட்டத்தில் உள்ள கெடு.

காலம் குறித்ததைச் செய்ய வைக்க வூகொமர்ஸிலேயே வழி இருக்கிறது. WooCommerce → Settings → Accounts & Privacy என்ற இடத்தில் கீழே Personal data retention என்று ஒரு பகுதி வரும். முடிந்த ஓடர், இரத்தான ஓடர், காசு வராத ஓடர் ஒவ்வொன்றுக்கும் எத்தனை மாதம் என்று குறிக்கலாம். வெறுமையாக விட்டால் என்றைக்கும் அழியாது. முடிந்த ஓடர்களைப் பொறுத்தவரை அது ஓடரையே அழிக்காது, ஆளை அடையாளம் காட்டும் விபரங்களை மட்டும் நீக்கிவிடும், விற்ற தொகை நிற்கும். கணக்குக்கு அதுதான் வேண்டும். ஒருவர் அழிக்கச் சொல்லிக் கேட்டால் வேர்ட்பிரஸில் Tools → Erase Personal Data என்ற இடத்தில் அவருடைய மின்னஞ்சலைக் கொடுங்கள். உறுதிப்படுத்தும் கடிதம் அவருக்கே போகும். அதற்கு முன் வூகொமர்ஸின் அதே Accounts & Privacy பக்கத்தில் Remove personal data from orders on request என்பதற்குச் சரி போட்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஓடரில் உள்ள விபரம் அழியாது. ஆனால் அது தளத்துக்கு உள்ளே இருப்பதை மட்டும்தான் பார்க்கும். உங்கள் ஜிமெயிலில் உள்ள பிரதியையும் வட்ஸ்அப் உரையாடலையும் கையால்தான் அழிக்க வேண்டும். முதலில் ஏழு இடங்களையும் எழுதி வைத்தால் அப்போது தேடித் திரிய வேண்டியதில்லை.

சட்டத்தில் நிச்சயமானது எது, வாதத்துக்குரியது எது என்று பிரித்துச் சொல்கிறேன். இலங்கையில் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அதைப் பகுதி பகுதியாகத்தான் நடைமுறைக்குக் கொண்டுவருகிறார்கள். வியாபாரங்களின் மேல் கடமை சுமத்தும் முக்கிய பகுதிகள் 2025 மார்ச்சில் தொடங்கவிருந்து தள்ளிப்போடப்பட்டன. ஆகவே திகதியை வர்த்தமானியில் பார்த்துக்கொள்ளுங்கள், பழைய கட்டுரைகளில் உள்ள திகதியை நம்ப வேண்டாம். வீட்டுத் தேவைக்கு ஒருவர் வைத்திருக்கும் விபரத்துக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. ஆனால் வீட்டில் இருந்து செய்தாலும் உங்களுடையது வியாபாரம்தான், அந்த விலக்கு உங்களுக்குக் கிடைக்காது.

ஐரோப்பாவின் பொதுத் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குவிதி 2018 மே 25 முதல் நடைமுறையில் இருக்கிறது. அது ஐரோப்பாவுக்கு வெளியே இருக்கிற கடையையும் பிடிக்கும், அந்தக் கடை ஐரோப்பாவில் இருப்பவர்களுக்குப் பொருளோ சேவையோ விற்க முன்வந்தால். பாரிஸில் ஒருவர் உங்கள் தளத்தைத் திறந்து பார்க்க முடிகிறது என்பது மட்டும் அதற்குப் போதாது. விலையை யூரோவில் காட்டுவது, "பிரான்ஸ், ஜேர்மனி உறவுகளே" என்று அழைப்பது, அங்கேயுள்ள வாடிக்கையாளரின் பாராட்டைப் போடுவது என்பவை நீங்கள் அவர்களை நோக்கி விற்கிறீர்கள் என்பதற்கு அடையாளம். பார்சல் முரசுமோட்டைக்குத்தானே போகிறது என்று கேட்பீர்கள். காசு கொடுத்து விபரம் தருகிறவர் பாரிஸில் இருக்கிறார் என்பதால், என் கணிப்பில் பொருந்தும் என்று எடுத்துக்கொண்டு எழுதுவதே பாதுகாப்பு. ஐரோப்பாவில் ஒரு பிரதிநிதியை நியமிக்க வேண்டும் என்று 27 ஆம் உறுப்பு சொல்கிறது. எப்போதாவது மட்டும் விபரம் கையாள்பவருக்கு விலக்கு உண்டு. அரைவாசிக்கு மேல் வெளிநாட்டு ஓடர் என்றால் "எப்போதாவது" என்பது நிற்குமா என்பது வாதத்துக்குரியது. அந்த ஒரு கேள்வியைச் சட்டத்தரணியிடம் கேளுங்கள், மற்றதற்கு அவருக்குக் காசு கொடுக்கத் தேவையில்லை. பிரித்தானியா தன் சட்டத்தைத் தனியாக வைத்திருக்கிறது, ஆனால் கொள்கைப் பக்கத்தில் எழுத வேண்டியது கிட்டத்தட்ட இதுதான்.

குக்கிக்கு வருவோம். அறிவிப்புப் பட்டை எல்லாத் தளத்துக்கும் கட்டாயம் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படியில்லை. பார்வையாளர் கேட்ட சேவையைக் கொடுக்க அத்தியாவசியமான குக்கிக்கு ஐரோப்பாவிலும் சம்மதம் தேவையில்லை. வண்டியில் போட்ட பொருளை நினைவில் வைக்கிற woocommerce_items_in_cart, woocommerce_cart_hash, wp_woocommerce_session_ என்று தொடங்குகிற குக்கி எல்லாம் அந்த வகை. கொள்கையில் ஒரு பந்தியில் சொன்னால் போதும். சம்மதம் தேவைப்படுவது எண்ணிக்கை பார்க்கிற, விளம்பரம் துரத்துகிற குக்கிகளுக்கு: கூகுள் அனலிட்டிக்ஸின் _ga, பேஸ்புக்கின் _fbp போன்றவை.

உங்கள் தளத்தில் என்ன இருக்கிறது என்று ஐந்து நிமிடத்தில் பார்க்கலாம். கணினியில் குரோமில் இன்கொக்னிட்டோ ஜன்னலைத் திறந்து, F12 அழுத்தி, தளத்துக்குப் போங்கள். எதையும் அழுத்த வேண்டாம், பட்டை இருந்தால் அதையும் தொட வேண்டாம். Application என்ற தாவலில் இடப்பக்கம் Cookies என்பதை விரித்தால் பட்டியல் வரும். _ga அங்கே ஏற்கனவே இருந்தால், உங்கள் பட்டை வெறும் அலங்காரம். சம்மதம் கேட்க முன்னரே குக்கி விழுந்துவிட்டது. மிக அதிகமாகக் காணும் பிழை இதுதான். அனலிட்டிக்ஸ் துணுக்கைத் தீமின் தலைப்பகுதியில் நேரே ஒட்டிவிட்டு, பட்டைக்கு ஒரு பிளகினைத் தனியாகப் போடுவார்கள். இரண்டுக்கும் தொடர்பே இருக்காது. துணுக்கை அங்கிருந்து எடுத்து, பட்டைப் பிளகினின் ஊடாக ஏற்ற வேண்டும். பிறகு மறுபடியும் புது இன்கொக்னிட்டோவில் "வேண்டாம்" என்பதை அழுத்திப் பக்கத்தைப் புதுப்பித்து, பட்டியலில் _ga இல்லை என்று உறுதிப்படுத்துங்கள்.

பட்டையில் "ஏற்கிறேன்" பெரிய பச்சைப் பொத்தானாகவும், "வேண்டாம்" மூன்று பக்கம் தள்ளியும் இருப்பதும் செல்லாது. மறுப்பது ஏற்பதைப் போல் இலகுவாக இருக்க வேண்டும் என்று பிரான்சின் தரவு ஆணைக்குழு கூகுளுக்கு 150 மில்லியன் யூரோவும் பேஸ்புக்குக்கு 60 மில்லியன் யூரோவும் தண்டம் விதித்ததை 2022 ஜனவரியில் அறிவித்தது. முன்கூட்டியே சரி போட்ட பெட்டியும் சம்மதம் ஆகாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2019 ஒக்டோபரில் தீர்த்துவிட்டது. உங்களைத் தேடி அந்த ஆணைக்குழு கிளிநொச்சிக்கு வரப்போவதில்லை என்பது எனக்கும் தெரியும். ஆனால் எனக்கு இதைவிட நேரான கேள்வி ஒன்று இருக்கிறது: அனலிட்டிக்ஸை நீங்கள் கடைசியாக எப்போது திறந்து பார்த்தீர்கள்? மாதத்துக்கு எத்தனை ஓடர் என்பதை வூகொமர்ஸே சொல்லும். பார்க்காத அனலிட்டிக்ஸை எடுத்துவிட்டால் பட்டையும் தேவையில்லாமல் போய்விடலாம். நான் சின்னக் கடைகளுக்குச் சொல்வது இதுதான். வைத்திருக்கத்தான் வேண்டும் என்றால், கொள்கையில் அதைச் சொல்ல வேண்டும் என்று கூகுளின் சொந்த நிபந்தனையே கேட்கிறது.

அனலிட்டிக்ஸை எடுத்த பிறகும் இரண்டு இடத்தில் விபரம் வெளியே கசியும். ஒன்று யூடியூப் காணொளி. பனங்கட்டி காய்ச்சுவதைக் காட்டுகிற வீடியோவைப் பக்கத்தில் நேரே பதித்தால், அழுத்த முன்னரே யூடியூப் குக்கி வரலாம். வீடியோவின் ஒரு படத்தைப் போட்டு அதற்கு யூடியூப் இணைப்பைக் கொடுங்கள், பிரச்சினை முடிந்தது. கூகுள் வரைபடத்துக்கும் அதே வழி. மற்றது எழுத்துரு. தமிழ் வடிவாகத் தெரிய வேண்டும் என்று பல தீம்கள் எழுத்துருவை கூகுள் சேர்வரில் இருந்து ஒவ்வொரு முறையும் இழுக்கும். அப்போது பார்வையாளரின் ஐபி முகவரி கூகுளுக்குப் போகும். இதற்காக மியூனிக் மாவட்ட நீதிமன்றம் 2022 ஜனவரியில் ஒரு தள உரிமையாளரை 100 யூரோ நட்டஈடு கொடுக்கச் சொன்னது. குக்கி எதுவும் விழாததால் குக்கிப் பட்டியலில் இது தெரியாது. F12 இல் Network தாவலைத் திறந்து பக்கத்தைப் புதுப்பித்து, fonts.googleapis.com அல்லது fonts.gstatic.com வருகிறதா என்று பாருங்கள். வந்தால், நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற இலவச எழுத்துருவை woff2 கோப்பாக எடுத்து உங்கள் தளத்திலேயே ஏற்றி, இதைச் சேருங்கள்:

```css
@font-face {
  font-family: "Noto Sans Tamil";
  src: url("/fonts/NotoSansTamil-Regular.woff2") format("woff2");
  font-display: swap;
}
body {
  font-family: "Noto Sans Tamil", sans-serif;
}
```

பிறகு தீமின் அமைப்பில் கூகுள் எழுத்துருவை நிறுத்த வேண்டும். நிறுத்தாவிட்டால் இரண்டும் ஏறும். நிறுத்திய பின் Network தாவலில் அந்த இரண்டு பெயரும் மறைந்திருக்க வேண்டும். இணைப்பு மெதுவான இடத்தில் இருந்து பார்ப்பவருக்கு பக்கம் சற்று விரைவாகவும் திறக்கும்.

தொடர்பு விபரத்தில் வீட்டு விலாசக் கேள்விக்கு இரண்டு பதில். பார்சலை ஐரோப்பாவுக்கே அனுப்பி அங்குள்ள நுகர்வோருக்கு விற்றால், வியாபாரியின் பெயர், இருக்கும் இட விலாசம், தொலைபேசி, மின்னஞ்சல் எல்லாவற்றையும் வாங்க முன் காட்ட வேண்டும் என்று அவர்களுடைய நுகர்வோர் விதி சொல்கிறது. பார்சல் இங்கேயே போனாலும், வாங்குகிறவர் அங்கே இருப்பதால் அந்த விதியை ஒருவர் உங்கள் மேல் பொருத்திக் கேட்க இடம் உண்டு. ஆகவே விலாசமே போடாமல் விடுவதை நான் சொல்ல மாட்டேன். ஆனால் அது நீங்கள் படுக்கிற வீடாக இருக்க வேண்டியதில்லை. பிரதேச செயலகத்தில் வணிகப் பெயரைப் பதிந்திருந்தால் அந்தப் பெயரையும் பதிவு இலக்கத்தையும் போடுங்கள். பொதி செய்யும் இடமோ, சம்மதித்த உறவினரின் கடையோ டவுனில் இருந்தால் அதன் விலாசத்தைக் கொடுங்கள். பெண்கள் தனியாக நடத்துகிற கடை என்றால் இதில் நான் இன்னும் கண்டிப்பாக இருப்பேன்: வீட்டுக்கு வழி காட்டுகிற வரைபடமும், வீட்டு முற்றத்துப் படமும் தளத்தில் வேண்டாம்.

தொலைபேசிக்குக் கடைக்கென்று தனி சிம் எடுத்து அதில் வட்ஸ்அப் பிஸ்னஸ் போடுங்கள், சிம் உங்கள் பெயரிலேயே இருக்கட்டும். உதவிக்கு நின்ற தம்பியின் பெயரில் எடுத்த சிம், அவர் போகும்போது வாடிக்கையாளர் உரையாடல் முழுவதையும் கொண்டு போய்விடும். இலக்கத்தை 077 என்று தொடங்கி எழுதினால் டொரொண்டோவில் இருந்து அழுத்துபவருக்குப் போகாது. முதல் பூச்சியத்தை எடுத்துவிட்டு +94 77 என்று எழுதுங்கள். கிளிநொச்சி நிலையான இலக்கம் என்றால் +94 21. வட்ஸ்அப் இணைப்பில் கூட்டல் குறியும் இடைவெளியும் இல்லாமல் wa.me/9477 என்று தொடங்கி மிச்ச இலக்கத்தைச் சேர்க்க வேண்டும். அழைக்கும் நேரத்தையும் "இலங்கை நேரம்" என்று சொல்லிப் போடுங்கள். உங்களுடைய காலை 9 மணி டொரொண்டோவில் முதல்நாள் இரவு 11:30, அவர்களுடைய குளிர்காலத்தில் 10:30.

மின்னஞ்சலில் ஒரு பொறி இருக்கிறது. தொடர்புப் படிவத்தின் கடிதம் வாடிக்கையாளரின் முகவரியில் இருந்தே வருவதுபோல் அமைத்திருந்தால், அனுப்பிய சேர்வருக்கும் முகவரிக்கும் பொருத்தமில்லை என்று ஜிமெயில் அதைக் குப்பைக்குள் தள்ளும், அல்லது ஏற்கவே மாட்டாது. படிவ அமைப்பில் From என்ற இடத்தில் உங்கள் தளப் பெயரில் உள்ள முகவரியையும், Reply-To என்ற இடத்தில் வாடிக்கையாளர் எழுதிய முகவரியையும் வையுங்கள். பிறகு உங்களுடையதல்லாத ஒரு மின்னஞ்சலைக் கொடுத்து, ஒருவரைப் படிவத்தை நிரப்பச் சொல்லி, கடிதம் வருகிறதா, பதில் அழுத்தினால் அவருக்கே போகிறதா என்று பாருங்கள். விபரத்தை அழிக்கச் சொல்லும் கோரிக்கையும் இதே வழியாகத்தான் வரும், கடிதம் உங்கள் கண்ணில் படாமல் போனாலும் அந்த ஒரு மாதக் கெடு ஓடிக்கொண்டிருக்கும்.

கொள்கையின் இணைப்பை ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும், காசு கட்டும் பக்கத்தில் ஓடர் பொத்தானுக்கு மேலும் வையுங்கள். வேர்ட்பிரஸில் Settings → Privacy என்ற இடத்தில் அந்தப் பக்கத்தைத் தெரிவு செய்தால், வூகொமர்ஸ் காசு கட்டும் பக்கத்தில் தானாகவே இணைக்கும். அங்கே கிடைக்கும் ஆங்கில மாதிரியை அப்படியே விட்டுவிடாமல் தமிழில் எழுதி, கீழே ஓர் ஆங்கிலப் பிரதியும் போடுங்கள், வெளிநாட்டில் பிறந்த பிள்ளைகளும் ஓடர் போடுவார்கள். மேலே திருத்திய திகதி இருக்கட்டும். புதிய கூரியர், புதிய பிளகின், வங்கிக் காட் மூலம் காசு எடுக்கத் தொடங்குவது, இந்த மூன்றில் எது நடந்தாலும் அன்றைக்கே பக்கத்தைத் திறந்து மாற்றுங்கள்.